நான்கு புள்ளிகள், ஆறு தொலைவுகள்: சதுரமா, செவ்வகமா, சாய்சதுரமா?

கேள்வி: A(1, 2), B(4, 7), C(5, 3), D(0, 6) ஆகிய புள்ளிகள் என்ன வடிவத்தை அமைக்கும் என்று ஒரு கணக்கு. தொலைவு கண்டேன். AB = CD = √34, BC = DA = √17. மூலைவிட்டங்கள் AC, BD இரண்டும் √17. எதிர்ப் பக்கங்கள் சமம், மூலைவிட்டங்கள் சமம், ஆகவே செவ்வகம் என்று எழுதினேன். சரிபார்க்கச் சாய்வு கண்டால் AB-யும் CD-யும் இணையாகவே இல்லை. விடைப் பகுதியிலோ சதுரம் என்று போட்டிருக்கிறது. எங்கே தவறினேன்? இதைத் தவறில்லாமல் செய்ய வழி என்ன?

பதில்:

உங்கள் கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. ஆறு தொலைவுகளும் சரி. ஆனால் பேனாவைக் கீழே வைக்கும் முன் ஒரு விஷயத்தைப் பார்த்திருக்கலாம். நீங்கள் மூலைவிட்டம் என்று சொன்ன AC-யின் நீளம் √17. பக்கம் என்று சொன்ன AB-யின் நீளம் √34. செவ்வகத்தில் மூலைவிட்டம் செங்கோண முக்கோணத்தின் கர்ணம். எந்தப் பக்கத்தையும் விட அது நீளமாகத்தான் இருக்க முடியும். பக்கத்தைவிடச் சின்ன மூலைவிட்டம் வந்துவிட்டது என்றால் எது பக்கம், எது மூலைவிட்டம் என்பதில்தான் கோளாறு.

வரைபடத் தாளில் நான்கு புள்ளிகளையும் குறித்து A-யிலிருந்து B, அங்கிருந்து C, பிறகு D, மீண்டும் A என்று கோடு இழுத்துப் பாருங்கள். (1, 2)-இலிருந்து மேலே (4, 7)-க்குப் போவீர்கள், அங்கிருந்து கீழே (5, 3)-க்கு இறங்குவீர்கள், அடுத்து இடப்பக்கம் (0, 6)-க்குப் போகும்போது முதலில் இழுத்த கோட்டையே வெட்டிக்கொண்டு போவீர்கள். கிடைப்பது நாற்கரம் அல்ல, கழுத்தில் கட்டும் 'போ' போன்ற முறுக்கிய உருவம். கணக்கில் A, B, C, D என்று பெயரிட்டிருக்கிறார்களே தவிர, அதே வரிசையில்தான் முனைகள் சுற்றி வருகின்றன என்று யாரும் சொல்லவில்லை. 'ABCD என்ற நாற்கரம்' என்றோ 'வரிசையாக எடுத்துக்கொள்ளப்பட்ட புள்ளிகள்' என்றோ இருந்தால் வரிசை நிச்சயம். வெறுமனே 'புள்ளிகள்' என்றால் வரிசையைக் கண்டுபிடிப்பதும் நம் வேலைதான்.

'எதிர்ப் பக்கங்கள் சமமானால் அது இணைகரம்' என்ற தேற்றம் உங்களைக் கைவிட்ட இடமும் இதுதான். பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டாத நாற்கரத்துக்கு மட்டுமே அந்தத் தேற்றம் பொருந்தும். முறுக்கிய உருவத்தில் எதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தும் இணையாக இல்லாமல் போகலாம். உங்கள் சாய்வுகளும் அதையே சொல்கின்றன. AB-யின் சாய்வு 5/3, CD-யின் சாய்வு -3/5, பெருக்கினால் -1. எதிர்ப் பக்கங்கள் என்று நினைத்தவை ஒன்றுக்கொன்று செங்குத்து! AC-யின் சாய்வு 1/4, BD-யின் சாய்வும் 1/4. அதாவது மூலைவிட்டங்கள் இணையாக இருக்கின்றன. மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று வெட்ட வேண்டியவை. இணையாக இருக்கவே முடியாது. தொலைவும் சாய்வும் முரண்படவில்லை. இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: AC-யும் BD-யும் பக்கங்கள், AB-யும் CD-யும் மூலைவிட்டங்கள். சரியான சுற்று A, C, B, D.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'செவ்வகம்' என்ற உங்கள் முடிவு பொய் அல்ல, ஏனென்றால் ஒவ்வொரு சதுரமும் ஒரு செவ்வகம்தான். ஆனால் காரணம் தவறு, பதில் குறை. விடைத்தாள் திருத்துகிறவர் முழு மதிப்பெண் தரமாட்டார். நானாக இருந்தாலும் தரமாட்டேன்.

இனி வழிக்கு வருவோம். நான்கு புள்ளிகளிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் ஆறு இணைகள் கிடைக்கும். அந்த ஆறு தொலைவுகளையும் முதலிலேயே கண்டுவிடுங்கள். எது பக்கம், எது மூலைவிட்டம் என்று எதற்கும் பெயர் வைக்காதீர்கள். வர்க்கமூலமும் எடுக்க வேண்டாம். √34 = 5.83 என்று தசமத்துக்குப் போனால் சமமானவை சமமில்லாதவை போலத் தோன்றும், கூட்டிப் பார்க்கும்போது கடைசி இலக்கம் இடிக்கும். தொலைவின் வர்க்கத்தையே வைத்துக்கொள்வது எப்போதும் சுத்தமானது. உங்கள் புள்ளிகளுக்கு:

AB² = 3² + 5² = 34
AC² = 4² + 1² = 17
AD² = (-1)² + 4² = 17
BC² = 1² + (-4)² = 17
BD² = (-4)² + (-1)² = 17
CD² = (-5)² + 3² = 34

17 நான்கு முறை, 34 இரண்டு முறை. 34 என்பது 17-இன் இரு மடங்கு. சதுரத்தின் அடையாளம் இதுதான்: நான்கு சமமான சிறிய எண்கள், இரண்டு சமமான பெரிய எண்கள், பெரியது சிறியதைப் போல் சரியாக இரண்டு மடங்கு. சிறியவை எந்தெந்த எழுத்துகளை இணைக்கின்றன என்று பார்த்தால் வரிசை தானாக வந்துவிடும். AC, CB, BD, DA. ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முறை வருகிறது, சுற்றும் மூடிக்கொள்கிறது. விடைத்தாளில் 'AC = CB = BD = DA, AB = CD, மேலும் AC² + CB² = 17 + 17 = 34 = AB². ஆகவே A, C, B, D என்ற வரிசையில் இவை ஒரு சதுரத்தின் முனைகள்' என்று எழுதினால் போதும். புள்ளிகள் கொடுத்த வரிசையில் இல்லை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

'சரியாக இரண்டு மடங்கு' என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான்கு சிறியவை சமம், இரண்டு பெரியவை சமம் என்பதோடு நின்றால் ஏமாற இடமிருக்கிறது. (0, 0), (√3, 1), (√3, -1), (-2, 0) என்ற நான்கு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றும் ஒரு சமபக்க முக்கோணம். நான்காவது, ஆதிப்புள்ளியிலிருந்து எதிர்த்திசையில் அதே தூரத்தில் இருக்கிறது. வர்க்கங்களைக் கண்டால் 4 நான்கு முறை வரும், 8 + 4√3 இரண்டு முறை வரும். பார்வைக்குச் சதுரத்தின் கணக்குப் போலவே இருக்கும். ஆனால் இரண்டு மடங்கு இல்லை. தவிர, சமமான நான்கு கோடுகளில் மூன்று ஆதிப்புள்ளியிலேயே வந்து சேர்கின்றன. (-2, 0)-க்கு ஒன்றுதான் வருகிறது. ஒவ்வொரு முனைக்கும் இரண்டு பக்கம் என்ற அடிப்படையே இங்கே இல்லை. ஆகையால் சமமான நான்கைக் கண்டதும் எழுத்துகள் இரண்டிரண்டு முறை வருகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது அரை நிமிட வேலை, ஆனால் தவிர்க்கக் கூடாத வேலை.

செவ்வகத்தில் ஆறு எண்களும் மூன்று சோடிகளாகப் பிரியும். (1, 1), (5, 3), (2, 9), (-2, 7) என்ற புள்ளிகளுக்கு 20 இரண்டு முறை, 45 இரண்டு முறை, 65 இரண்டு முறை வரும். 20 + 45 = 65. மிகப் பெரிய சோடிதான் மூலைவிட்டங்கள், மற்றவை பக்கங்கள், பிதாகரஸ் செங்கோணத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டார். புள்ளிகளை எந்த வரிசையில் கலைத்துக் கொடுத்தாலும் இந்த மூன்று சோடிகள் மாறாது.

சாய்சதுரத்துக்கு P(-1, -2), Q(4, -2), R(7, 2), S(2, 2) என்ற புள்ளிகளைப் பாருங்கள். PQ², QR², RS², SP² நான்கும் 25. மீதி இரண்டு: PR² = 64 + 16 = 80, QS² = 4 + 16 = 20. நான்கு சமம், மீதி இரண்டும் வேறுவேறு. மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழக்கும் இடம் இந்த வடிவம்தான். நான்கு பக்கமும் 5 என்று வந்த உடனே 'சதுரம்' என்று எழுதிக் கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். நான்கு பக்கமும் சமம் என்பது சாய்சதுரத்தை மட்டுமே நிறுவும். சதுரம் என்று சொல்ல மூலைவிட்டங்களும் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கோணமாவது செங்கோணம் என்று காட்ட வேண்டும். இங்கே 80-உம் 20-உம் சமமில்லை, ஆகவே இது சதுரமல்லாத சாய்சதுரம். ஒரு குறுக்குச் சோதனையும் உண்டு: சாய்சதுரத்தில் மூலைவிட்டங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் பக்கத்தின் வர்க்கத்தைப் போல் நான்கு மடங்கு வரும். 80 + 20 = 100 = 4 × 25. வராவிட்டால் எங்கோ ஒரு குறியில் சறுக்கியிருக்கிறீர்கள்.

சில சாய்சதுரங்களில் ஒரு மூலைவிட்டம் பக்கத்துக்கே சமமாகிவிடும். (0, 0), (2, 0), (3, √3), (1, √3) என்ற புள்ளிகளில் 4 என்ற எண் ஐந்து முறை வரும், 12 ஒரு முறை வரும். குழம்ப வேண்டாம். தனியாக நிற்கும் 12 ஒரு மூலைவிட்டம்; அதில் வராத இரண்டு புள்ளிகளை இணைப்பது மற்றொன்று. ஆயத்தொலைகள் எல்லாம் முழு எண்களாக இருந்தால் இந்தத் தொல்லை வரவே வராது. இந்த உருவத்துக்குள் சமபக்க முக்கோணம் ஒளிந்திருக்கிறது. முழு எண் புள்ளிகளை மட்டும் வைத்துச் சமபக்க முக்கோணம் அமைக்க முடியாது. ஆயத்தொலைகளைக் கொண்டு கண்டால் அதன் பரப்பு முழு எண்ணாகவோ அரை எண்ணாகவோ வரவேண்டும், ஆனால் சமபக்க முக்கோணத்தின் பரப்பில் √3 நிற்கும், இரண்டும் ஒத்துப்போகாது. ஆகவே கணக்கில் √3 தென்பட்டால் மட்டும் இந்த உருவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சாய்வு. சாய்வை மட்டும் வைத்தே மூன்று வடிவங்களையும் பிரித்துவிடலாம். ஒரு தொலைவுகூடத் தேவையில்லை. எதிர்ப் பக்கங்களின் சாய்வுகள் சமமாகவும் அடுத்தடுத்த பக்கங்களின் சாய்வுகள் வெவ்வேறாகவும் இருந்தால் இணைகரம். அதோடு அடுத்தடுத்த பக்கங்கள் செங்குத்தானால் செவ்வகம். இணைகரத்தில் மூலைவிட்டங்கள் செங்குத்தானால் சாய்சதுரம். இரண்டும் சேர்ந்து வந்தால் சதுரம். உங்கள் புள்ளிகளை A, C, B, D என்ற வரிசையில் வைத்துப் பார்த்தால் பக்கங்களின் சாய்வுகள் 1/4, -4, 1/4, -4. அடுத்தடுத்தவற்றின் பெருக்கல் -1. மூலைவிட்டங்கள் 5/3, -3/5. அவற்றின் பெருக்கலும் -1. சதுரம் என்பதற்கு இதுவே முழுமையான நிரூபணம்.

மேலே 'வெவ்வேறாகவும்' என்று சேர்த்ததைக் கவனித்திருப்பீர்கள். (1, 1), (2, 3), (4, 7), (3, 5) என்ற புள்ளிகளை வரிசையாக எடுத்தால் பக்கங்களின் வர்க்கங்கள் 5, 20, 5, 20. எதிர்ப் பக்கங்கள் சமம். எதிர்ப் பக்கங்களின் சாய்வுகளும் சமம். இணைகரம் என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் நான்கு சாய்வுகளுமே 2; நான்கு புள்ளிகளும் y = 2x - 1 என்ற ஒரே நேர்கோட்டில் கிடக்கின்றன. அங்கே நாற்கரமே கிடையாது. சாய்வு திசையை மட்டும்தான் சொல்லும். இரண்டு கோடுகள் இணையாக விலகி நிற்கின்றனவா, ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கின்றனவா என்று அது சொல்லாது.

சாய்வு முறையின் பெரிய பள்ளம் நிலைக்குத்துக் கோடு. (0, 0), (4, 0), (4, 4), (0, 4) என்பது சின்னப் பிள்ளையும் சொல்லும் சதுரம். ஆனால் சாய்வு கண்டால் ஒரு பக்கம் 0, அடுத்தது 4/0. பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பதால் இந்தச் சாய்வு வரையறுக்கப்படவில்லை. நான் திருத்திய தாள்களில் 4/0 = 0 என்று எழுதி 'எல்லாச் சாய்வும் சமம், ஒரே கோடு' என்று முடித்தவர்களும் உண்டு, முடிவிலியைப் பூச்சியத்தால் பெருக்கி -1 வரவழைத்தவர்களும் உண்டு. பெருக்கல் -1 என்ற விதி இரண்டு சாய்வுகளும் இருக்கும்போது மட்டும்தான். ஒன்று x அச்சுக்கு இணை, மற்றது y அச்சுக்கு இணை என்றால் நேராகவே 'இவை ஒன்றுக்கொன்று செங்குத்து' என்று எழுதிவிட வேண்டும். அதேபோல, மேலே பார்த்த PQ-வின் சாய்வு 0. கிடைக்கோட்டுக்குச் செங்குத்து நிலைக்குத்துக் கோடு ஒன்றுதான். QR-இன் சாய்வு 4/3 என்று வந்ததுமே அங்கே செங்கோணம் இல்லை என்பது முடிந்துவிட்டது. அதே வடிவத்தின் மூலைவிட்டங்களுக்குச் சாய்வுகள் 1/2, -2. பெருக்கல் -1. சாய்சதுரம் என்பது இந்த வழியிலும் உறுதியாகிறது.

வகுத்தலே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. இரண்டு கோடுகளின் x வித்தியாசங்களைப் பெருக்கி, y வித்தியாசங்களைப் பெருக்கி, இரண்டையும் கூட்டுங்கள். 0 வந்தால் செங்குத்து. AC-க்கு வித்தியாசங்கள் 4, 1. CB-க்கு -1, 4. 4 × (-1) + 1 × 4 = 0. நிலைக்குத்துக் கோடு வந்தாலும் இது தடுமாறாது. பத்தாம் வகுப்பு விடைத்தாளில் சாய்வைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆகவே இதைச் சரிபார்ப்புக்கு ஓரத்தில் போட்டுப் பார்க்கப் பயன்படுத்துங்கள்.

கைதவறும் இன்னோர் இடம் கழிக்கும் வரிசை. D(0, 6), A(1, 2)-க்கு மேலே 2 - 6 என்று A-யிலிருந்து D-யைக் கழித்துவிட்டு, கீழே 0 - 1 என்று D-யிலிருந்து A-யைக் கழித்தால் -4-க்குப் பதில் 4 வரும். செங்குத்தாக இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் +1 என்று வந்து நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மூலைவிட்டத்தை வைத்துக் குறுக்கு வழி தேடுகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. மூலைவிட்டங்கள் சமம் என்பது மட்டும் செவ்வகத்தை நிறுவாது. (0, 0), (6, 0), (4, 3), (2, 3) என்ற புள்ளிகளில் மூலைவிட்டங்கள் இரண்டும் 5, உருவமோ சரிவகம். சமமாகவும் செங்குத்தாகவும் இருந்தால்? அதுவும் போதாது. (-2, 0), (0, 1), (2, 0), (0, -3) என்பதில் மூலைவிட்டங்கள் இரண்டும் 4, ஒன்று கிடை, ஒன்று நிலைக்குத்து. பக்கங்களின் வர்க்கங்களோ 5, 5, 13, 13. காற்றாடி வடிவம், சதுரமல்ல. மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமமாக வெட்டுகின்றன என்பதையும் சேர்த்தால்தான் இந்த வாதங்கள் நிற்கும். வீட்டுக்கு அடித்தளம் குறிக்கும் கொத்தனாரும் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்ப்பார். ஆனால் எதிரெதிர்ச் சுவர்களின் நீளம் சமமாக இருக்கிறதா என்று அளந்த பிறகுதான். இணைகரம் என்பது முதலில் உறுதியாகிவிடுவதால் அவருக்கு மூலைவிட்டம் சமமானால் போதும்.

இருசமமாக வெட்டுவதைப் பார்ப்பது மிக எளிது, உங்கள் வரிசைச் சிக்கலுக்கும் அதுவே விரைவான மருந்து. இணைகரத்தில் எதிர் முனைகளின் ஆயத்தொலைகளைக் கூட்டினால் இரண்டு சோடிக்கும் ஒரே விடை வரும், ஏனென்றால் நடுப்புள்ளி ஒன்றே. உங்கள் கணக்கில் A-யும் C-யும் எதிர் முனைகள் என்றால் A + C = (6, 5), B + D = (4, 13). ஒத்துவரவில்லை. A-யும் D-யும் என்றால் (1, 8), B + C = (9, 10). அதுவும் இல்லை. A + B = (5, 9), C + D = (5, 9). A-க்கு எதிரே நிற்பது B. தொலைவோ சாய்வோ தொடங்கும் முன் இந்த ஒரு வரியை ஓரத்தில் போட்டிருந்தால் AB-யைப் பக்கம் என்று எழுதியிருக்கவே மாட்டீர்கள். மூன்று விதமாகப் பார்த்தும் ஒன்றும் ஒத்துவரவில்லை என்றால் அந்த நான்கு புள்ளிகளும் இணைகரமே அல்ல. சதுரம், சாய்சதுரம், செவ்வகம் மூன்றுக்கும் அங்கே இடமில்லை.